நான்கு ‘ஆம்’, ஒரே பலகை

அறுவை அரங்கப் பாதுகாப்புக் குழுவின் படிவத்தில், நடந்ததைச் சொல்ல ஐந்து வரி இடம் விட்டிருக்கிறார்கள். அதில் இப்படி எழுதினேன்: ‘வலது முழங்காலில் செய்ய வேண்டிய ஆர்த்ராஸ்கோப்பிக்கு இடது கால் தயார் செய்யப்பட்டது. தோலில் கத்தி படும் முன் கண்டறியப்பட்டது.’ பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படித்தால் யாரோ ஒருவர் அசந்துபோனார், இன்னொருவர் விழித்திருந்தார் என்றுதான் தோன்றும். நடந்தது அப்படியல்ல. அன்று அரங்கில் கத்தி பிடிக்காமல், கோப்பும் படிவமுமாகச் சுற்றிவந்து வேலை செய்த செவிலியர் நான். ஐந்து வரிக்கு வெளியே மிஞ்சியதை இந்தத் தாளில் எழுதித் தருகிறேன்.

அன்றைய பட்டியலில் முதலில் இருந்தவருக்கு இடது முழங்காலில் சிகிச்சை. அவர் காலையில் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னதால் மயக்க மருத்துவர் அவரைப் பின்னுக்குத் தள்ளினார். இரண்டாவதாக இருந்த, ஐம்பதைக் கடந்த ஒரு அம்மா முதலில் வந்தார். அவருக்கு வலது முழங்காலில் சிறு துளை வழியே கேமரா விட்டு, கிழிந்த மெனிஸ்கஸை, அதாவது மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பை, சீர்செய்ய வேண்டும். ஆள் மாறினார், அறை மாறவில்லை. தொடையைத் தாங்கும் பக்கக்கட்டை மேசையின் இடப்புறம் பொருத்தப்பட்டிருந்தது. கேமராத் திரை அதற்கேற்ற பக்கத்தில் நின்றது. சுவரில் இருந்த எம்ஆர்ஐ படம் முதல் நோயாளியுடையது. வெள்ளைப் பலகையில் முதல் வரி இன்னும் ‘இடது முழங்கால்’ என்றே இருந்தது. அதை அழித்து எழுதுவது யார் வேலை என்று எங்களிடம் எந்த விதியும் கிடையாது.

மயக்க மருந்துக்கு முந்தைய சரிபார்ப்பு ஒழுங்காகவே நடந்தது. “எந்தக் காலம்மா?” என்று கேட்டேன். வலது முழங்காலைத் தொட்டுக் காட்டினார். ஒப்புதல் படிவத்திலும் வலது. முதுகில் ஊசி போட்டுப் படுக்கவைத்தோம். சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. பதற்றம் குறையக் கொஞ்சம் மருந்தும் கொடுத்து, முகத்துக்கும் கால்களுக்கும் நடுவே திரையும் கட்டியாகிவிட்டது. இந்த இடத்தைக் குழு கவனிக்க வேண்டும். எந்தக் கால் என்று அந்த அறையில் எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவர் நோயாளி. அவர் அதைச் சொல்ல முடியாமல் போன பிறகுதான் நாங்கள் காலில் கைவைக்கத் தொடங்குகிறோம். விழிப்பாகவே இருந்தாலும் எந்தத் தொடையில் பட்டை சுற்றுகிறோம் என்பது அவருக்குத் தெரியாது.

தொழில்நுட்ப உதவியாளர் டூர்னிக்கேயை, அதாவது காலுக்குப் போகும் ரத்தத்தை நிறுத்தும் காற்றுப்பட்டையை, இடது தொடையில் கட்டினார். கட்டை இருந்த பக்கம் அது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டவில்லை. குறியைத் தேடியிருக்கிறார். இடது தொடையின் உட்புறம், முழங்காலுக்குச் சற்று மேலே, மங்கலாக ஓர் அம்புக்குறி இருந்தது.

அந்தக் குறி எப்படி அங்கே வந்தது என்பது பிறகுதான் புரிந்தது. அறுவை மருத்துவர் காத்திருப்பு அறையில் வலது தொடையின் உட்புறத்தில் அம்பு வரைந்து, தன் பெயரின் முதலெழுத்தையும் போட்டிருக்கிறார். மை காயும் முன் அந்த அம்மா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கால்களை நெருக்கிப் படுத்துவிட்டார். ஈர மை மற்றத் தொடையில் ஒற்றிக்கொண்டது. முழங்காலைப் பார்த்து நிற்கும் அம்பு இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு ஒற்றினாலும் முழங்காலைப் பார்த்தே நிற்கும். அம்பை மட்டும் வைத்து அசல் எது, நகல் எது என்று சொல்ல முடியாது. வலது காலைத் திறந்து பார்த்திருந்தால் அங்கே அழுத்தமான குறி தெரிந்திருக்கும். ஒரு குறியைக் கண்டுவிட்டவருக்கு இன்னொன்றைத் தேடத் தோன்றாது. எனக்கும் தோன்றியிருக்காது.

குளோர்ஹெக்சிடின் பூசி, துணி விரித்து, பட்டையில் காற்றேற்றியபோது மணி 9.52. அடுத்தது கத்திக்கு முந்தைய நிறுத்தம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலில் மூன்று நிறுத்தங்கள் உண்டு. இது இரண்டாவது. அறுவை மருத்துவர், “இடது முழங்கால், ஆர்த்ராஸ்கோப்பி” என்றார். மயக்க மருத்துவர் ஆம் என்றார். உதவியாளர் ஆம். நானும் ஆம்.

கையில் ஒப்புதல் படிவத்தை வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அதை நான் பார்க்கவில்லை. என் கண் பலகையில் இருந்தது. மருத்துவர் தன் முன்னால் துணி விலக்கி வைத்திருந்த காலைப் பார்த்துச் சொன்னார். வலது காலில் குறி போட்டவர் அவரேதான் என்றாலும், அன்று காலை பலருக்குக் குறி போட்டிருந்தார். மயக்க மருத்துவர், அறுவை மருத்துவர் சொன்னதைக் கேட்டுத் தலையசைத்தார். உதவியாளர் தான் கட்டிய பட்டையை நம்பினார். அந்தப் பட்டை கட்டையைப் பார்த்துக் கட்டியது, கட்டை பலகையைப் பார்த்துப் பொருத்தியது. நான்கு பேர் ஒத்துக்கொண்டதாக நினைத்தோம். உண்மையில் ஒரு பலகை நான்கு வாயால் பேசியது.

எங்கள் அரங்கில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாவது நிறுத்தம் முடியும் வரை கத்தி சிறுநீரக வடிவத் தட்டிலேயே இருக்கும். கருவிகளை எடுத்துக்கொடுக்கும் செவிலியர் பணிக்கு வந்து ஓராண்டு ஆகாதவர். மருத்துவர் கை நீட்டியபோது தட்டை எடுக்காமல் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, இந்த எழுத்து திரும்பியிருக்கிறதே?”

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். மருத்துவரிடம் நேராகச் சொல்லும் துணிச்சல் அவருக்கு இல்லை. அம்பின் அருகே இருந்த முதலெழுத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியிருந்தது. எனக்கு உடனே விளங்கவில்லை. மை கலைந்துவிட்டது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மருத்துவர் குனிந்து பார்த்தார். “சிஸ்டர், ஒப்புதலைப் படியுங்கள்” என்றார். படித்தேன்.

9.56க்குக் காற்று இறக்கப்பட்டது. துணிகளை அகற்றி, அறையைப் புரட்டிப் போட்டு, மூன்று நிறுத்தங்களில் இரண்டை முதலிலிருந்து செய்து, வலது காலில் சிகிச்சை முடிந்தது. மாலையில் மருத்துவரே வார்டுக்குப் போய் அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னார்.

இதை ‘தப்பிய விபத்து’ என்று பதிவு செய்யலாமா என்பதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. தோல் வெட்டப்படவில்லை என்பது சரி. ஆனால் தேவையில்லாத காலில் 4 நிமிடம் ரத்த ஓட்டம் நின்றது. கெடுதல் எதுவும் ஆகவில்லை, அவ்வளவு குறுகிய நேரத்தில் ஆகவும் வாய்ப்பில்லை. இருந்தாலும் ‘நோயாளியைத் தொடவில்லை’ என்ற கட்டத்தில் குறியிட எனக்கு மனம் வரவில்லை.

நிறுத்தத்தை இன்னும் கவனமாகச் செய்வோம் என்று தீர்மானம் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அன்றும் கவனமாகத்தான் இருந்தோம், தவறான பலகையின் மேல். நான் கேட்பது இவை. முதுகில் ஊசி போடும் முன்பே, நோயாளியிடம் கேட்டு, அவர் காட்டும் தொடையில் பட்டையைக் கட்டிவிட வேண்டும். ஊசிக்காக உட்காரவைப்பதற்கு அது இடைஞ்சல் என்று மயக்க மருத்துவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் இடைஞ்சல்தான். குறியைத் தொடையின் உட்புறத்தில் போடாமல் முன்புறத்தில் போட்டு, மை காய்ந்த பிறகே போர்த்த வேண்டும். வெறும் அம்பு போதாது, எழுத்தும் வேண்டும். நிறுத்தத்தின்போது ஒருவர் ஒப்புதலிலிருந்து வாய்விட்டுப் படிக்க, மற்றொருவர் குறியை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். பட்டியல் வரிசை மாறினால், பலகையை அழிக்கும் வரை அடுத்த நோயாளியை உள்ளே அழைக்கக் கூடாது.

சரிபார்ப்புப் படிவத்தின் அசலை இத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டாவது நிறுத்தத்துக்கு எதிரே உள்ள எல்லாக் கட்டங்களிலும் என் கையால் டிக் போட்டிருக்கிறது, ‘சரியான பக்கம்’ என்ற கட்டத்திலும். பக்கத்தில் நான் குறித்திருக்கும் நேரம் 9.40. பட்டை கட்டுவதற்கும் முந்தைய நேரம் அது. வேலை தேங்காமல் இருக்க முன்கூட்டியே போட்டுவைப்பது என் வழக்கமாக இருந்தது.