ரெக்கார்டில் B(A+C), சர்க்யூட்டில் B+C

மூன்றே கேட் உள்ள ஒரு சர்க்யூட்டுக்கு ட்ரூத் டேபிள் போட்டு, எக்ஸ்பிரஷனைச் சுருக்கி, ரெக்கார்டில் கையெழுத்து வாங்க இவ்வளவு அலைய வேண்டியிருக்கும் என்று நினைக்கவே இல்லை. தங்கச்சிமடத்தில் பஸ் ஏறி, பாம்பன் பாலம் தாண்டி, உச்சிப்புளி வழியாக ராமநாதபுரம் போய் இறங்கினால், "பழைய ரெக்கார்டோட ஒத்துப் போகலம்மா, மாத்திட்டு நாளைக்கு வா" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் பேப்பரை லேப் அசிஸ்டெண்ட் முழுதாகப் படிக்கவில்லை. கடைசி வரியை மட்டும் சீனியர்கள் வழிவழியாகக் கொடுத்துவந்த ஜெராக்ஸோடு வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அடுத்த பேட்சுக்கும் அதே ஜெராக்ஸ்தான் போகும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சர்க்யூட் இதுதான். A, B இரண்டும் ஒரு நேண்ட் கேட்டுக்குப் போகின்றன. B, C இரண்டும் ஒரு நார் கேட்டுக்குப் போகின்றன. இந்த இரண்டின் அவுட்புட்டும் கடைசியில் உள்ள நேண்ட் கேட்டில் சேர்ந்து Y ஆகிறது. நடுவில் வரும் இரண்டு கம்பிகளுக்கும் P, Q என்று பெயர் வைத்து டேபிளில் தனித்தனிக் காலம் போட்டேன். மூன்று இன்புட், அதனால் எட்டு வரிசை.

```
A B C | P Q | Y
0 0 0 | 1 1 | 0
0 0 1 | 1 0 | 1
0 1 0 | 1 0 | 1
0 1 1 | 1 0 | 1
1 0 0 | 1 1 | 0
1 0 1 | 1 0 | 1
1 1 0 | 0 0 | 1
1 1 1 | 0 0 | 1
```

P, Q காலங்களைத் தவிர்த்துவிட்டு நேராக Y-க்குத் தாவுகிறவர்கள் நிறைய. தாவாதீர்கள். பிறகு என்னைக் காப்பாற்றியது அந்த இரண்டு காலம்தான்.

சுருக்குவது சுலபம். கடைசி நேண்டை டி மார்கன் விதிப்படி பிரித்தால் Y = P' + Q'. P' என்பது AB, Q' என்பது B+C. ஆக Y = AB + B + C. AB என்ற உறுப்பை B விழுங்கிவிடும், மிஞ்சுவது Y = B + C. டேபிளும் அதையேதான் சொல்கிறது: B, C இரண்டும் 0 ஆக இருக்கும் இரண்டு வரிசையில் மட்டுமே Y பூஜ்யம். ஆறு ஒன்றுகளைக் கே-மேப்பில் கட்டிக்கொண்டிருப்பதைவிட அந்த இரண்டு பூஜ்யத்தையும் ஒரு ஜோடியாகக் கட்டினால் Y' = B'C' என்று உடனே கைக்கு வரும்.

ஜெராக்ஸில் இருந்த விடையோ B(A+C). "A எப்படிம்மா காணாமப் போகும்? இன்புட்டா குடுத்திருக்காங்கல்ல?" என்பதுதான் அசிஸ்டெண்டின் கேள்வி. படத்தில் வரைந்திருக்கும் இன்புட் எல்லாம் சுருக்கிய விடையில் இருந்தே தீரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. A மாறினாலும் Y மாறவில்லை என்பதை டேபிளின் மேல் நான்கு வரிசையையும் கீழ் நான்கு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும்: இரண்டிலும் 0, 1, 1, 1.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஜெராக்ஸை வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். மண்டபம் வருவதற்குள் பிடிபட்டுவிட்டது. (B+C)' என்ற இடத்தில் யாரோ மேல்கோட்டை இரண்டாக வெட்டி B' + C' என்று எழுதிவிட்டார்கள். கோட்டை வெட்டினால் நடுவில் உள்ள கூட்டல் பெருக்கலாக வேண்டும், அதாவது B'C'. அதை மாற்றாமல் விட்டதால் Q' என்பது BC ஆகி, AB + BC என்று வந்து, B-யை வெளியே எடுத்து B(A+C) என்று அழகாக முடிந்திருக்கிறது. பார்க்க அவ்வளவு ஒழுங்காக இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. எட்டில் ஐந்து வரிசையில் அந்த விடையும் சரியாகவே பொருந்தும். 000, 111 இரண்டை மட்டும் போட்டுச் சரிபார்ப்பவர்களிடம் மாட்டவே மாட்டாது. மாட்டுவது 001, 010, 101 ஆகிய மூன்றில்தான். அந்த மூன்றையும் சிவப்பு மையில் வட்டமிட்டு எடுத்துக்கொண்டு மறுபடி போனேன்.

லேப் மேடம் பொறுமையாகக் கேட்டார். "சரி, கிட்ல போட்டுக் காட்டு. எது வருதோ அதுக்குக் கையெழுத்து" என்றார். நியாயமான பேச்சு.

அங்கே அடுத்த சிக்கல். லேப் சுவரில் ஒட்டியிருக்கும் பின் சார்ட்டைப் பார்த்து நேண்டுக்கு 74LS00, நாருக்கு 74LS02 என இரண்டையும் இணைத்தால், எல்இடி மூன்றாவதாக ஒரு விடையைச் சொன்னது. A, B இரண்டும் 1 ஆனால்தான் எரிகிறது. C ஸ்விட்சை எத்தனை தட்டினாலும் அசைவே இல்லை. நார் ஐசியைத் தொட்டால் விரல் சுடுகிறது. "பாத்தியா, உன் விடையும் இல்ல" என்றார் அசிஸ்டெண்ட்.

P, Q காலம் இருந்ததால் எங்கே தேடுவது என்று தெரிந்தது. மல்டிமீட்டரை வைத்தால் P டேபிள்படி மாறுகிறது. Q மட்டும் எல்லா வரிசையிலும் ஒன்றரை வோல்ட் பக்கத்திலேயே நிற்கிறது. டிடிஎல் ஐசியில் 0.8-க்குக் கீழே இருந்தால் பூஜ்யம், 2-க்கு மேலே இருந்தால் ஒன்று. இடையில் தொங்கினால் பெரும்பாலும் அந்தக் கம்பியை எந்த அவுட்புட்டும் ஓட்டவில்லை என்று அர்த்தம்.

சார்ட்டில் 7402-க்கும் 7400-இன் படத்தையே போட்டிருக்கிறார்கள்! 7400-இல் 1, 2 இன்புட், 3 அவுட்புட். 7402-இல் தலைகீழ்: 1 அவுட்புட், 2, 3 இன்புட். 14-இல் 5 வோல்ட், 7-இல் கிரவுண்டு என்பது இரண்டுக்கும் பொது. சார்ட்டை நம்பினால் B ஸ்விட்ச் நேராக அவுட்புட் காலில் போய் முட்டுகிறது, சூடு அதனால்தான். Q என்று நாம் எடுக்கும் 3-ஆம் காலோ சும்மா தொங்கும் இன்புட். எல்எஸ் வகை ஐசியில் தொங்கும் இன்புட்டை கேட் 1 என்றே எடுத்துக்கொள்ளும். Q எப்போதும் 1 என்றால் Y = P', அதாவது AB. எல்இடி காட்டியது அதையேதான். 74HC வகையாக இருந்தால் தொங்கும் கால் என்ன செய்யும் என்று சொல்லவே முடியாது, விடை ஆளுக்கொன்றாக வரும்.

போனில் டேட்டாஷீட்டை எடுத்து மேடத்திடம் காட்டினேன். சூடான ஐசியை ஓரம் வைத்துவிட்டு வேறொன்று வாங்கிப் போட்டேன். அதன் கால்கள் உப்புக் காற்றில் கறுத்துப்போயிருந்தன, பிளேடால் சுரண்டிய பிறகுதான் போர்டில் பிடித்தது. இந்தக் கரையோர லேப்களில் இதை எப்போதும் முதலில் பார்த்துவிடுங்கள், அசைத்தால் எல்இடி சிமிட்டும். அப்புறம் எட்டு வரிசையும் டேபிள் சொன்னபடியே வந்தது. 001-க்கு எல்இடி எரிந்தபோது மேடம் அசிஸ்டெண்டைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அது போதும்.

பக்கத்திலேயே ஒரு 7432 செருகி, B, C இரண்டை மட்டும் கொடுத்து இன்னொரு எல்இடி வைத்துக் காட்டினேன். இரண்டு ஐசி செய்த வேலையை ஒரு ஆர் கேட் செய்தது, இரண்டு விளக்கும் சேர்ந்தே எரிந்து அணைந்தன. A-யை மேலும் கீழும் தட்டிக்காட்டினேன், எதுவும் மாறவில்லை. கையெழுத்து விழுந்தது.

சுவரில் உள்ள சார்ட்டில் 7402 மேல் மேடம் பேனாவால் குறுக்குக் கோடு போட்டுவிட்டார். ஜெராக்ஸ் கட்டு மட்டும் இன்னும் கடையில்தான் இருக்கிறது. அதன் அடுத்த பக்கத்தில் நான்கு இன்புட் சர்க்யூட்டிலும் நார் கேட்டின் கோட்டை அதே மாதிரி வெட்டியிருக்கிறார்கள். அது யாருக்கு வருகிறதோ, P, Q காலம் போட்டுப் பதினாறு வரிசையையும் சொந்தமாக எழுதிய பிறகு லேப்புக்குப் போங்கள்.