ஹூத் சூராவின் ஒரு வசனமும் என்னை ஏமாற்றிய நூனும்

சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு மாடி அறையில், ஞாயிறுதோறும் ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு எங்களுக்கு நஹ்வு என்னும் அரபி இலக்கண வகுப்பு. பாடம் எடுப்பவர் வேலூரில் ஓதிய ஹள்ரத். படிக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர், எல்லோரும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். இருமைச் சொற்களையும் பன்மைச் சொற்களையும் முடித்த மறுவாரம் அவர் ஒரே ஒரு வசனத்தைப் பலகையில் எழுதினார். ஹூத் சூராவின் 114ஆம் வசனம்.

"வஅகிமிஸ் ஸலாத்த தரஃபயின் னஹாரி வஸுலஃபம் மினல் லைலி, இன்னல் ஹஸனாத்தி யுத்ஹிப்னஸ் ஸய்யிஆத்தி, தாலிக திக்ரா லித்தாகிரீன்."

பகலின் இரு முனைகளிலும் இரவின் சில பொழுதுகளிலும் தொழுகையை நிலைநாட்டுவீராக. நன்மைகள் தீமைகளை அகற்றிவிடுகின்றன. நினைவுகூர்வோருக்கு இது ஒரு நினைவூட்டல் என்பது பொருள். இதில் இருமை எது, பன்மை எது, ஒவ்வொன்றும் எந்த வேற்றுமையில் நிற்கிறது, அதற்கு அடையாளம் என்ன என்று தர்கீப் செய்து வர வேண்டும். அடுத்த வாரம் வாய்மொழியாகக் கேட்பார்.

விதி எனக்கு மனப்பாடம். இருமை எழுவாயாக நின்றால் 'ஆனி' என்று முடியும். மற்ற இரு நிலைகளிலும் 'அய்னி' என்று முடியும். ஆண்பால் பன்மை எழுவாயாக நின்றால் 'ஊன', மற்ற இரு நிலைகளிலும் 'ஈன'. பெண்பால் பன்மைக்கு 'ஆத்' என்ற இறுதி நிலையாக இருக்கும். அதன் மேல் எழுவாய்க்கு 'உ' ஓசை தரும் பேஷ் வரும், மற்ற இரண்டுக்கும் 'இ' ஓசை தரும் ஸேர் வரும். அந்த 'மற்ற இரண்டு' நஸ்பும் ஜர்ரும். நஸ்பில் செயப்படுபொருள், காலம் காட்டும் சொல், 'இன்ன' என்ற இடைச்சொல்லை அடுத்த பெயர் எல்லாம் அடங்கும். முன்னிடைச் சொல்லுக்குப் பின்னும், 'அதனுடைய' என்ற உறவிலும் நிற்பது ஜர்.

நம் மொழியில் நன்மைகள், நன்மைகளை, நன்மைகளுக்கு என்று 'கள்' ஓரிடத்தில் நிற்க, வேற்றுமை உருபு அதன் பின்னால் வந்து ஒட்டுகிறது. இரண்டையும் பிரித்துக் காட்டலாம். அரபியின் 'ஊன' அப்படிப் பிரியாது. பன்மையும் எழுவாய்த் தன்மையும் அந்த ஒரே ஓசைக்குள் இருக்கின்றன. அதனால் இறுதியைக் கேட்டாலே வேற்றுமை தெரிந்துவிடும் என்று நான் நம்பினேன். பஸ்ஸில் வரும்போது ஓதலைக் காதில் மாட்டிக் கேட்டுக் கேட்டே விடையை எழுதினேன். நான்கு சொற்களைக் குறித்தேன். அவற்றில் இரண்டு தவறு.

முதல் தவறு 'ஸலாத்த'. 'ஆத்' என்ற ஓசையைக் கேட்டதும் பெண்பால் பன்மை என்று எழுதிவிட்டேன். ஹள்ரத் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, பன்மை என்றால் செயப்படுபொருளுக்கு ஸேர் அல்லவா வர வேண்டும்? இங்கே ஸபர் ஏன் வந்தது?" ஸபர் 'அ' ஓசையின் குறி; நான் படித்த விதியே என்னை மறுத்தது. ஸலாத் என்பது ஒருமை. அதன் கடைசி எழுத்து வட்டமான தா, நடுவில் உள்ள அலிஃப் வேர்ச்சொல்லைச் சேர்ந்தது. அதன் பன்மை ஸலவாத். 'ஆத்'தில் வரும் அலிஃபும் தாவும் ஒருமைச் சொல்லுக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்தவையா என்று பார்த்தால்தான் அது அந்தப் பன்மையா என்பது தெரியும். 'மய்யித்' என்ற சொல்லின் பன்மையான 'அம்வாத்'தும் இப்படித்தான் ஏமாற்றும். அதில் தா வேரிலேயே இருக்கிறது. அதனால் பகரா சூராவில் 'வகுன்தும் அம்வாத்தன்' என்று ஸபரோடு வருகிறது.

இரண்டாம் தவறுதான் என்னை ஒரு வாரம் உட்கார வைத்தது. 'தரஃபயின் னஹாரி' என்பதில் இருமை இருப்பதைப் பிடித்துவிட்டேன். 'தரஃப்' என்றால் முனை, 'தரஃபயின்' இரு முனைகள், இறுதியில் 'ன்' ஓசை தரும் நூன் என்ற எழுத்து இருக்கிறது, 'அய்னி' வடிவம் என்று எழுதினேன். வேற்றுமை ஜர் என்றும் எழுதினேன். தமிழில் 'முனைகளில்' என்று ஏழாம் வேற்றுமையில் பொருள் சொல்கிறோமே, எங்கோ 'இல்' என்று பொருள் தரும் ஒரு 'ஃபீ' மறைந்திருக்க வேண்டும் என்று எண்ணினேன்.

"நூன் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றார் ஹள்ரத்.

பலகையில் பார்த்தேன். தா, ரா, ஃபா, யா. அத்தோடு சொல் முடிந்துவிட்டது. நூன் இல்லை. என் காதில் விழுந்த நூன் அடுத்த சொல்லினுடையது. 'அன் னஹார்' என்பதில் லாமின் ஒலி மறைந்து நூன் இரட்டிக்கிறது. சேர்த்து ஓதும்போது அந்த இரட்டித்த நூனின் முதல் பாதி 'தரஃபயி'யின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. தமிழ் எழுத்தில் எழுதும்போது இன்னும் மோசம். நான் மேலே எழுதியிருப்பதைப் பாருங்கள், 'தரஃபயின்' என்று நூனை முந்திய சொல்லிலேயே சேர்த்திருக்கிறேன். குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கிற எல்லோரும் இந்த இடத்தில் அரபி எழுத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

இருமையின் நூன் உண்மையில் அங்கே நின்றிருந்தால் 'தரஃபய்னி' என்று கேட்டிருக்கும். அது விழுந்ததற்குக் காரணம், அந்தச் சொல் 'பகலினுடைய' என்ற உறவில் முளாஃபாக நிற்கிறது. இருமையானாலும் ஆண்பால் பன்மையானாலும், பின்வரும் பெயரோடு அப்படிச் சேரும்போது நூனை இழக்கும். "சிறுவயதிலிருந்து ஓதுகிறீர்களே, தப்பத் யதா அபீ லஹப்" என்றார் ஹள்ரத். ஆம், இரு கைகள் 'யதானி'. அபூலஹபின் இரு கைகள் 'யதா'. மக்தபில் படித்த நாள் முதல் ஓதுகிற சொல், அதில் ஒரு நூன் விழுந்திருக்கிறது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

யாவின் கீழுள்ள ஸேரையும் நான் ஜர்ரின் அடையாளமாக எடுத்திருந்தேன். அதுவும் தவறு. அந்த யா இயல்பில் உயிரோசை இல்லாத ஸுகூன் உள்ளது. அடுத்து வருவதும் ஸுகூன். இரண்டு ஸுகூன்கள் மோதாமல் நாக்கு கடந்து செல்ல இடையில் ஒரு ஸேர் வந்தது; வேற்றுமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இருமையில் வேற்றுமையைச் சொல்வது யா என்ற எழுத்து. ஆனால் அந்த யா நஸ்புக்கும் வரும், ஜர்ருக்கும் வரும். எது என்று எப்படி அறிவது?

ஹள்ரத் பதில் சொல்லவில்லை. "அடுத்த சொல்லைப் பாருங்கள். இதையும் அதையும் எது சேர்க்கிறது என்றும் பாருங்கள். அடுத்த வாரம் சொல்லுங்கள்."

புதன்கிழமை இரவு, டேனரி ரோட்டில் பஸ் நெரிசலில் நின்றபோது அது பிடிபட்டது. அடுத்து வருவது 'வஸுலஃபன்'; 'மின்'னோடு சேரும்போது 'ஸுலஃபம்' என்று ஒலிக்கிறது. 'வ' என்றால் 'உம்'. 'உம்' சேர்க்கும் இரண்டு பெயர்களும் ஒரே வேற்றுமையில்தான் நிற்க வேண்டும். 'ஸுலஃப்' என்பது 'ஸுல்ஃபா'வின் பன்மை. அச்சு உடைந்து உருவான பன்மை என்பதால் ஒருமையைப் போலவே ஸபர், ஸேர், பேஷ் மூன்றையும் தனித்தனியே காட்டும். இங்கே அதன் மேல் இரட்டை ஸபர். அப்படியானால் அது நஸ்ப். அதோடு சேர்க்கப்பட்ட 'தரஃபய்'யும் நஸ்ப். இருமை தன் வடிவத்தில் சொல்லாததை, பக்கத்தில் நிற்கும் சொல் எனக்குச் சொல்லிவிட்டது. மறைந்த 'ஃபீ' எதுவும் இங்கே ஜர் செய்யவில்லை. 'எப்போது' என்ற கேள்விக்கு விடையாக வரும் காலச் சொல் அரபியில் நஸ்பில் நிற்கிறது, அவ்வளவுதான். தமிழ்ப் பொருளில் உள்ள 'இல்' உருபை வைத்து அரபி வேற்றுமையை முடிவு செய்தது என் பிழை. அன்றிரவு வீட்டுக்கு வந்து குறிப்பேட்டின் பழைய பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

பிறகு மற்றவை எளிதாக வந்தன. 'அல்ஹஸனாத்தி' ஸேரோடு இருக்கிறது. ஆனால் முன்னால் இருப்பது 'இன்ன', ஆகவே நஸ்ப். 'ஸய்யிஆத்தி'யும் ஸேரோடு இருக்கிறது; அது 'யுத்ஹிப்ன'வின் செயப்படுபொருள், ஆகவே அதுவும் நஸ்ப். பயிற்சிக்காகக் குறிப்பேட்டில், வசனத்திலிருந்து தள்ளித் தனியாக, ஒருமையில் ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: 'இன்னல் ஹஸனத்த துத்ஹிபுஸ் ஸய்யிஅத்த'. இரண்டு இடத்திலும் ஸபர் வெளிப்பட்டது. 'இன்ன'வை எடுத்துவிட்டுப் பன்மையில் எழுதினால் முதல் சொல் 'ஹஸனாத்து' என்று பேஷ் பெறுகிறது, இரண்டாவது அசையாமல் ஸேரிலேயே நிற்கிறது. ஒரே மாதிரி ஒலித்த இரண்டு ஸேர்களுக்கும் காரணம் வேறு வேறு என்பது அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. ஓதுபவர் 'ஸய்யிஆத்' என்று நிறுத்தினால் அந்த ஸேர் காதில் விழவே விழாது. 'யுத்ஹிப்ன'வின் கடைசி நூன் வினையின் பெண்பால் எழுவாய். வேற்றுமைக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

'லித்தாகிரீன்' லாமுக்குப் பின் வருவதால் ஜர், அடையாளம் யா. இருமையாக இருந்தால் 'தாகிரய்ன்' என்று ஒலித்திருக்கும். குறியீடுகள் இல்லாத அரபி எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தாம். யாவுக்கு முன் ஸபரா ஸேரா என்பதே பிரிக்கிறது. சேர்த்து ஓதினால் நூனும் உதவும், இருமைக்கு 'னி', பன்மைக்கு 'ன'.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொரு சொல்லுக்கும் முதலில் அதை ஆளும் சொல் எது, பிறகு வேற்றுமை, கடைசியில் அடையாளம் என்ற வரிசையில். ஹள்ரத் குறுக்கிடாமல் கேட்டார். 'ஸுலஃபன்' வந்தபோது மட்டும் தலையசைத்தார். பிறகு பலகையை அழித்துவிட்டு, தவ்பா சூராவின் 60ஆம் வசனத்தின் தொடக்கத்தை எழுதினார்: 'இன்னமஸ் ஸதகாத்து லில்ஃபுகராஇ வல்மஸாகீனி வல்ஆமிலீன அலைஹா'.

"மஸாகீனி, ஆமிலீன. இரண்டும் ஈனில் முடிகின்றன, இரண்டும் ஜர். ஒன்றில் நூனுக்கு ஸேர், மற்றதில் ஸபர். ஏன்?"

மிஸ்கீன் என்ற ஒருமையிலேயே நூன் இருக்கிறது, அது உடைந்த பன்மை, ஆகவே வேற்றுமை நூனின் மேலேயே ஏறுகிறது. ஆமிலீனில் நூன் வெளியிலிருந்து வந்தது, வேற்றுமை யாவில் இருக்கிறது என்றேன். சரி என்றார். "அப்படியானால் ஸதகாத்துக்கு ஏன் பேஷ்? முன்னால் இன்ன இருக்கிறதே?"

அதற்கு நேரம் கேட்டேன். பஸ்ஸில் ஏறியபின்தான், 'இன்ன'வோடு ஒட்டியிருந்த 'மா' கண்ணில் பட்டது.