செவ்வாய்க்கிழமை பத்து மணி

2024 ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை. சந்தை விடுமுறை என்பதால் அலுவலகத்தில் நானும் அண்ணாவும் மட்டும்தான் இருந்தோம். கோயம்புத்தூரில் ஒரு சின்ன டிரேடிங் அலுவலகம் அது. நான்கு பேர், ஆளுக்கு இரண்டு திரை, சொந்தப் பணத்தில் நிஃப்டி ஆப்ஷன் இன்ட்ராடே. ரிஸ்க் கணக்கைப் பார்த்துக்கொள்பவர் அண்ணா. அன்று அவர் எனக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான். ஜனவரியிலிருந்து நான் எடுத்த டிரேடுகளை வைத்து, எந்தக் கிழமையில் எந்த நேரத்தில் எனக்குப் பணம் வருகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வராத நேரத்தில் நான் திரை முன்னால் உட்கார வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு.

புரோக்கர் தளத்திலிருந்து டிரேட்புக்கை இறக்கினேன். ஆயிரத்துக்கும் மேல் வரிகள். பரவாயில்லையே, கணக்குப் போட இத்தனை டிரேடு இருக்கிறதே என்று ஒரு நிமிடம் சந்தோஷம். அப்புறம்தான் உறைத்தது: ஒரே ஆர்டர் நான்கைந்து துண்டாக நிறைவேறினால் டிரேட்புக்கில் நான்கைந்து வரியாக வரும். வாங்கியது தனி, விற்றது தனி. எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு என்ட்ரியும் அதன் முழு எக்ஸிட்டும் ஒரு டிரேடு என்று சுருக்கியதும் மிஞ்சியது 236.

ரூபாயில் கணக்குப் போடவும் முடியவில்லை. அந்த ஏப்ரல் இறுதியில்தான் நிஃப்டி ஆப்ஷனை வாங்கும் குறைந்தபட்ச அளவான லாட் 50-இலிருந்து 25 ஆகியிருந்தது. பிப்ரவரியில் ஒரு லாட்டில் வந்த இரண்டாயிரமும் ஜூனில் வந்த இரண்டாயிரமும் ஒன்றல்ல. எனவே ஒவ்வொரு டிரேடிலும் ஸ்டாப்லாஸ் அடித்தால் எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே குறித்து வைத்திருந்த தொகையை 1R என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு மடங்கு லாபம் வந்தால் +2R, ஸ்டாப் அடித்தால் -1R.

முதலில் போட்ட அட்டவணையைப் பார்த்து எனக்கே கண் விரிந்தது. மதியம் மூன்று மணிக்கு மேல் எல்லாக் கிழமையும் பச்சை, காலை முழுக்கச் சிவப்பு. இனி மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அலுவலகம் வந்தால் போதும் என்று அண்ணாவிடம் சொன்னேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

“நீ எந்த நேரத்தை எடுத்த தம்பி? வாங்கின நேரமா, வித்த நேரமா?”

நான் எடுத்தது விற்ற நேரம். லாப நஷ்டம் அந்த வரியில்தானே வருகிறது, அதனால் யோசிக்காமல் அதையே போட்டுவிட்டேன். தப்பு அங்கேதான். என் பாணியில் தோற்கிற டிரேடு பத்து இருபது நிமிடத்தில் ஸ்டாப் அடித்து வெளியே போய்விடும். ஜெயிக்கிற டிரேடை முடிந்தவரை இழுத்து, புரோக்கர் தானாக மூடுவதற்கு முன்னால், மூன்று பத்து வாக்கில் வெளியே வருவேன். ஆக மூன்று மணிக் கட்டத்தில் வந்து சேர்வதெல்லாம் ஏற்கெனவே ஜெயித்த டிரேடுகள். காலையில் வாங்கியவைகூட அங்கேதான் கிடந்தன. முடிவெடுப்பது வாங்கும்போது, அதனால் வாங்கிய நேரத்தைத்தான் வைக்க வேண்டும். அப்படி மாற்றிய கணமே மூன்று மணியின் பச்சை மறைந்தது.

இரண்டாவது அட்டவணை. ஐந்து கிழமை, ஒன்பதே காலிலிருந்து மூன்றரை வரை ஆறு துண்டு நேரம், ஆக மொத்தம் 30 கட்டம். இதில் ஒரே ஒரு கட்டம் மட்டும் தனியாக மின்னியது: செவ்வாய், பத்திலிருந்து பதினொன்று. ஒன்பது டிரேடு, சராசரி 1.6R. என் மொத்தச் சராசரியோ 0.08R. இருபது மடங்கு! காரணங்களும் வரிசையாக மனதுக்குள் வந்து நின்றன. திங்கள் பதற்றம் தீர்ந்துவிடும், பத்து மணிக்குத் திசை தெளிந்துவிடும், ஆப்ஷன் காலாவதியாகும் எக்ஸ்பயரிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கும். கட்டம் புதனில் மின்னியிருந்தால் புதனுக்கும் நான் மூன்று காரணம் சொல்லியிருப்பேன்.

அண்ணா அந்த ஒன்பது டிரேடின் தேதியையும் வாசிக்கச் சொன்னார். ஐந்தாவது தேதியிலேயே நிறுத்தினார். “ஜூன் நாலா?”

2024 ஜூன் 4, செவ்வாய்க்கிழமை. மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாள். முந்தைய நாள் கருத்துக்கணிப்பை நம்பி ஏறிய நிஃப்டி, அன்று ஒரே நாளில் 1379 புள்ளி, கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. நான் அன்று பத்து மணிக்கு மேல் சந்தை விழுந்தால் லாபம் தரும் புட் ஆப்ஷனை மூன்று முறை வாங்கியிருந்தேன். 4.5R, 4.1R, 3.2R. மூன்றும் சேர்ந்து 11.8R. அந்தக் கட்டத்தின் மொத்தமே 14.4R-தான். மீதி ஆறு டிரேடுக்கு மிஞ்சுவது 2.6R, சராசரி 0.43R. ஆறு டிரேடை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருந்தது. அந்த மூன்றும் மூன்று டிரேடு அல்ல. ஒரே வீழ்ச்சியில் மூன்று முறை ஏறி இறங்கியது. ஒரே நாளில் ஒரே பக்கம் எடுத்த டிரேடுகள் சேர்ந்தே ஜெயிக்கும், சேர்ந்தே தோற்கும். எனவே ஒரு கட்டத்தில் எத்தனை டிரேடு என்று எண்ணுவதைவிட எத்தனை வெவ்வேறு நாள் என்று எண்ணுவது நேர்மையானது. ஒன்பது டிரேடு என்று நான் பெருமையாகக் காட்டியது உண்மையில் ஐந்து செவ்வாய்க்கிழமைகள்.

எட்டு மாதத்தில் என் மொத்த லாபம் 19R. அதில் 11.8R அந்த ஒரே காலையில் வந்தது. இது நேர அட்டவணை பற்றிய செய்தி அல்ல, என்னைப் பற்றியது. டீ குடிக்கும் வரை அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

சரி, ஜூன் 4-ஐ எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். இப்போது முதலிடத்துக்கு வந்தது வியாழன் இரண்டு மணிக்கு மேல். 11 டிரேடு, சராசரி 0.9R. இதில் பெரிய ஒற்றை டிரேடு எதுவும் இல்லை, நாட்களும் வேறு வேறு. இதையாவது நம்பலாமா?

30 கட்டம் போட்டால் ஏதாவது ஒரு கட்டம் முதலிடத்தில் இருந்தே தீரும். எனவே கேள்வி ‘0.9R நல்லதா’ என்பதல்ல. கிழமைக்கும் நேரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாவிட்டாலும், முதலிடக் கட்டம் எவ்வளவு காட்டும் என்பதுதான் கேள்வி. அதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. கிழமையையும் நேரத்தையும் அப்படியே விட்டுவிட்டு, R பத்தியை மட்டும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் முதலிடக் கட்டத்தின் சராசரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆயிரம் முறை. கீழே df என்பது ஜூன் 4-ஐ எடுத்துவிட்ட என் டிரேடு அட்டவணை; day கிழமை, slot நேரத் துண்டு.

```python
import numpy as np
best = []
for i in range(1000):
    df["s"] = np.random.permutation(df["R"])
    g = df.groupby(["day", "slot"])["s"].agg(["mean", "count"])
    best.append(g[g["count"] >= 5]["mean"].max())
print((np.array(best) >= 0.9).sum())
```

ஐந்து டிரேடுக்குக் குறைவான கட்டங்களைச் சேர்க்கவில்லை. விடை 580. ஆயிரத்தில் 580 முறை, வெறுமனே கலைத்துப் போட்ட குப்பையிலேயே ஏதோ ஒரு கட்டம் 0.9R அல்லது அதற்கு மேல் காட்டியது. என் வியாழன் மதியத்தை அந்தக் குப்பையிலிருந்து பிரித்துக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. கட்டத்துக்கு எட்டு டிரேடு என்ற அளவில் இந்த அட்டவணை வேறு மாதிரி வரவும் வாய்ப்பில்லை.

அப்போ இத்தனை நேரம் உட்கார்ந்ததும் வீண்தானா என்று கேட்டேன். கேள்வியைச் சின்னதாக்கு என்றார் அண்ணா. முப்பது கேள்வி கேட்கும் அளவுக்கு டிரேடு இல்லை, ஒன்றிரண்டு கேட்கலாம். அதுவும் ஏன் அப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அட்டவணைக்கு வெளியே ஒரு காரணம் இருக்கிற கேள்வியாக இருக்கட்டும் என்றார்.

ஒன்பதே காலிலிருந்து ஒன்பதரை வரை எடுத்தவற்றை மட்டும் தனியாகப் பிரித்தேன். எல்லாக் கிழமையும் சேர்த்து 41 டிரேடு, சராசரி -0.31R. கலைத்துப் பார்த்தபோது இவ்வளவு மோசமாக வந்தது ஆயிரத்தில் சுமார் 30 முறைதான். ஆனால் காலைச் சிவப்பை நான் முன்பே பார்த்துவிட்டுத்தானே இந்தக் கேள்வியைக் கேட்டேன்? ஆகவே அந்த 30-ஐ முழுசாக நம்ப முடியாது. நம்பக்கூடியதாக இன்னொன்று இருந்தது. அந்த 41-இல் தோற்ற டிரேடுகளை மட்டும் பார்த்தால், ஒவ்வொன்றும் சராசரியாக -1.3R இழந்திருந்தது. மற்ற நேரத்தில் ஸ்டாப் அடித்தால் -1.05R வாக்கில்தான் போகும். சந்தை திறந்த சில நிமிடங்களில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலம். ஸ்டாப் ஒரு விலையில் தட்டினால் விற்பது அதற்குக் கீழே. இது அதிர்ஷ்டக் கணக்கு இல்லை, ஆர்டர் ஆர்டராகப் பார்த்து உறுதி செய்யக்கூடியது. நான் பார்த்தேன்.

காலை டிரேடை அடியோடு நிறுத்தவில்லை. நிறுத்தினால் தகவலும் நின்றுவிடும், நான் நினைத்தது சரியா என்று கடைசி வரை தெரியாது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஒன்பதரைக்கு முன்னால் ஒரே ஒரு லாட் மட்டும் என்று தேதி போட்டு எழுதி அண்ணாவிடம் கொடுத்தேன். நான்கு மாதத்தில் 38 டிரேடு. சராசரி -0.12R. பழைய -0.31R பாதிக்கும் கீழே கரைந்திருந்தது. தேடிக் கண்டுபிடித்த எண் மறுமுறை இப்படிச் சுருங்குவது வழக்கம்தான். தோற்ற டிரேடின் இழப்பு மட்டும் சுருங்கவில்லை, -1.25R. ஒன்பதரைக்கு முன்னால் வாங்குவதில்லை என்று நான் இன்று வைத்திருக்கும் வழக்கம் அந்த இரண்டாவது எண்ணை நம்பித்தான். முதல் எண் மட்டும் இருந்திருந்தால் விட்டிருப்பேன்.

வியாழனுக்கு வருகிறேன். அதை நிராகரித்த பிறகும் அண்ணா அட்டவணையில் ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார்: எக்ஸ்பயரிக்கு எத்தனை நாள். நிஃப்டி வார எக்ஸ்பயரி அப்போது வியாழன். ஆனால் எல்லா வாரமும் அல்ல. 2024 ஆகஸ்ட் 15 வியாழக்கிழமை விடுமுறை, எக்ஸ்பயரி புதனுக்கு வந்தது. ஏப்ரல் 11 ரம்ஜானுக்கும் அப்படித்தான். கிழமையை வைத்துப் பிரித்தால் அந்த இரண்டு புதனும் சாதாரண புதன்களோடு போய்ச் சேர்ந்துவிடும். ஆப்ஷனின் விலையான பிரீமியம் கரைவது எக்ஸ்பயரியைப் பொறுத்து. காலண்டரில் என்ன கிழமை என்று அதற்குத் தெரியாது. இரண்டு நாளை வைத்து எதையும் நிரூபிக்க முடியவில்லை என்றாலும் பத்தியை அப்படியே வைத்திருந்தேன்.

என் பக்கத்து இருக்கை நண்பர் அப்போதே தன் அட்டவணையில் வந்த முதலிடக் கட்டத்தை மஞ்சள் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்: ‘வியாழன், 2 மணிக்கு மேல், இரண்டு மடங்கு லாட்’. 2025 செப்டம்பரில் நிஃப்டி வார எக்ஸ்பயரி செவ்வாய்க்கு மாறியது. போன வாரம்கூடப் பார்த்தேன், தாள் அங்கேயேதான் இருக்கிறது. வியாழன் என்பதை மட்டும் அடித்துவிட்டு, மேலே செவ்வாய் என்று எழுதியிருக்கிறார்.