அப்பாவிடம் போகமாட்டேன் என்று மகள் சொன்னபோது

விவாகரத்துத் தீர்ப்பின்படி மகள் என்னோடு இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை அப்பாவிடம் போய், இரவு தங்கி, ஞாயிறு மாலை திரும்ப வேண்டும். ஒன்பது வயதில் திடீரென்று போகமாட்டேன் என்றாள். வெள்ளவத்தையில் எங்கள் வாசலில் அவர் காருடன் நிற்க, இவள் குளியலறையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்துவிட்டாள்.

"பிள்ளை விரும்பாட்டி விடன்" என்றார் அம்மா. என் சட்டத்தரணி அப்படிச் சொல்லவில்லை. கட்டளை மாறும்வரை பிள்ளையின் மறுப்பு மட்டும் போதாது. நான் சும்மா விட்டால் நீதிமன்ற அவமதிப்பு என்று மற்றப் பக்கம் வரலாம், பிள்ளையின் மனதை நான்தான் கலைக்கிறேன் என்றும் வாதாடலாம். அதனால் ஒவ்வொரு முறையும் பையை அடுக்கி ஆயத்தமாக்கச் சொன்னார். போகாவிட்டால் நடந்ததை மட்டும், குறை சொல்லாமல், அன்றே மகளின் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுத வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்க வேண்டியிருந்தது. அடி, தகாத தொடுகை என்று ஏதாவது இருந்தால் இது பெற்றோர் பிணக்கே அல்ல; 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி எண்ணுக்கு எடுக்க வேண்டிய விஷயம். "அப்பா அடிச்சவரா?" என்று கேட்டால் பதிலை நானே ஊட்டுவதாகிவிடும். "சனிக்கிழமை போனதிலிருந்து என்னென்ன செய்தனீங்கள்?" என்றுதான் கேட்டேன். காலிமுகத்திடல், இறால் வடை எல்லாம் சந்தோஷமாகச் சொன்னாள். இரவுக்கு வந்ததும் நின்றாள். படுத்த பிறகு அப்பம்மா பக்கத்தில் வந்து, "உங்கட வீட்டுக்கு ஆர் வாறவை, அம்மா எவ்வளவு சம்பளம் எடுக்கிறா" என்று கேட்பாராம். அவளுக்குப் பிடிக்காதது அந்த விசாரணைதான், அப்பா இல்லை.

இந்த வித்தியாசத்தைப் பிறகு குடும்ப ஆலோசகரும் விளக்கினார். குறிப்பிட்ட நேரத்தையோ ஆளையோ சொல்லி மறுக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் திருத்தக்கூடிய காரணம் இருக்கும். சம்பவம் எதையும் சொல்லாமல், "ஜீவனாம்சம் ஒழுங்காகத் தருவதில்லை" என்று பெரியவர்களின் பேச்சைப் பேசினால், அவள் வாழும் வீட்டையும் பார்க்க வேண்டுமாம். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பிள்ளையின் பராமரிப்பு, பார்வையிடல் பற்றிய கட்டளையை விவாகரத்துக்குப் பிறகும் மாற்றக் கேட்கலாம். புதுக்கடை மாவட்ட நீதிமன்றத்தில், சந்திப்பை நிறுத்தச் சொல்லாமல், அதன் நேரத்தை மட்டும் மாற்றக் கேட்டு மனுக் கொடுத்தோம். ஆலோசகர் எங்களைத் தனித்தனியே சந்தித்தார். நீதிபதியும் மகளைத் தன் அறைக்கு அழைத்து, நாங்கள் இல்லாமல் பேசினார். யாரைப் பிடிக்கும் என்று அவர் கேட்கவே இல்லையாம். பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினாராம்.

அப்பாவின் தரப்பு முதலில் எதிர்த்தது. பிள்ளை ஒழுங்காக வந்தால் போதும் என்று பிறகு இறங்கிவந்தார். இப்போதைக்குப் பகலில் மட்டும், காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை. கையளிப்பது எங்கள் வாசலில் அல்ல, பம்பலப்பிட்டியில் ஒரு கடை முன்னால். மற்ற வீட்டைப் பற்றி யாரும் அவளிடம் கேட்கக்கூடாது என்பதும் கட்டளையில் எழுதப்பட்டது. கட்டணமோ நேரமாற்றமோ, நாங்கள் நேரே பேசுகிறோம். அவள் தூது போவதில்லை.

போகிறாள். சில வாரம் முகத்தைத் தூக்கிக்கொண்டு, சில வாரம் ஓடியே போகிறாள். அடுத்த தவணையில் மாதம் ஒரு இரவு கேட்கப்போவதாக அவர் சொல்லியிருக்கிறார். படுக்கும் முன் எனக்கு ஃபோன் எடுக்கவிட்டால் மகளுக்குச் சரியாம். அதையும் எழுத்தில் கேட்கும்படி சட்டத்தரணியிடம் சொல்லியிருக்கிறேன்.