நைட்டி விற்க சந்தைக் கடையா, ஆன்லைனா: அட்வான்ஸ் போன பிறகு போட்ட கணக்கு

முதலில் போனது 6,000 ரூபாய். வாரச்சந்தையில் பல வருடமாக ஒரே இடத்தில் துணிக்கடை போட்டவர், "இனி எனக்கு முடியாது, இடத்தை நீங்களே வெச்சுக்கங்க" என்று பிப்ரவரியில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கைமாற்றிவிட்டார். ஏப்ரலில் போனால் சுங்கம் வசூலிக்கும் ஆளே வேறு. "அவர் யாருங்க? நான் யாருக்கும் இடம் எழுதிக் கொடுக்கலையே" என்றார். அலுவலகத்தில் கேட்கப் போனால், "குத்தகை ஏலம் போயாச்சு, அவர்கிட்டயே பேசிக்கங்க" என்று ஒரே பதில். அதைக் கேட்க இரண்டு நடை.

அவர்கள் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் கடுப்பு. சந்தைத் திடல் பேரூராட்சிக்கோ நகராட்சிக்கோ சொந்தம். சுங்கம் வசூலிக்கும் உரிமை மட்டும் ஏலத்தில் போகும். பெரும்பாலும் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஒருவர் பத்து வருடம் உட்கார்ந்த இடம் என்பது சந்தைக்காரர்களுக்குள் இருக்கும் மரியாதை, அதற்குக் காகிதம் கிடையாது. அதனால் இடம் பார்க்கும்போது வாடகைக்கு முன்னால் கேட்க வேண்டியது, "குத்தகை எந்த மாசம் முடியுது?" என்பதைத்தான். உள்ளாட்சியே கட்டி மாத வாடகைக்கு விடும் கடைகள் வேறு கணக்கு. அவற்றுக்கு ஒப்பந்தம், வைப்புத்தொகை எல்லாம் உண்டு. தரைக் கடைக்கு அன்றன்றைக்குச் சுங்கம் கட்டி ரசீது வாங்கினால் போதும். கட்டண விவரம் எழுதிய பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு வீண் நடையையும் சொல்லிவிடுகிறேன். உழவர் சந்தையில் போய் நைட்டிக்கு இடம் கேட்காதீர்கள். அது அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகள் காய்கனி விற்கும் இடம்.

சரி, கணக்கு. ஈரோட்டில் மொத்தமாக எடுத்த காட்டன் நைட்டி எங்களுக்கு அடக்கம் 165. சந்தையில் 250 சொல்லி 220-க்கு முடியும், ஆக ஒன்றுக்கு 55 நிற்கும். ஒரு சந்தை நாளுக்குச் சுங்கம் 80, பல்புக்கு 40, ஆட்டோ போகவர 300, கூட நிற்கும் பையனுக்கு 300, சாப்பாடு டீ 100. மொத்தம் 820. அதாவது முதல் 15 நைட்டி செலவுக்கே போய்விடும், பதினாறாவதில்தான் நம் கூலி ஆரம்பம். நாலு வாரத்தில் விற்றவை 22, 17, 9, 31. அந்த ஒன்பது மழை நாள். முப்பத்தொன்று, சுற்றுவட்டாரத் தறிகளில் சம்பளம் போட்ட மறுநாள். மொத்தம் 79 நைட்டிக்கு 4,345 ரூபாய் நின்றது, செலவு 3,280. நாலு முழு நாள் உழைத்ததற்கு மிச்சம் 1,065.

தொகையைப் பார்த்ததும் சந்தையை விட்டுவிடத் தோன்றும். ஆனால் அந்த நாலு வாரத்தில் இடமும் நாளும் சேர்ந்துதான் விற்பனையைத் தீர்மானித்தன. சனிக்கிழமை சம்பளம் போடும் ஊரில் ஞாயிறு சந்தையும் வெள்ளிச் சந்தையும் ஒன்றாகாது. இடத்தில் இரண்டு சங்கதி. கருவாட்டு வரிசையிலிருந்து காற்று வீசி வரும் பக்கத்தில் உட்காராதீர்கள். காட்டன் துணி அந்த வாடையை அப்படியே வாங்கிக்கொள்ளும், கவரைப் பிரித்த நைட்டி துவைக்காமல் தேறாது. மேற்கு வெயில் நேராக அடிக்கும் இடமும் ஆகாது. மேலாக மடித்து வைத்த கருநீலம், மெரூன் எல்லாம் மடிப்பு ஓரத்தில் மட்டும் வெளுக்கும். ஒரே நாளில் தெரியாது. மூன்றாவது வாரம் விரித்துக் காட்டும்போது நடுவில் ஒரு கோடு தெரியும், வாங்க வந்தவர் கையை எடுத்துவிடுவார். மேலடுக்கை ஒவ்வொரு மணி நேரமும் மாற்றி வையுங்கள்.

ஆன்லைனில் தளம் எடுத்துக்கொண்டது போக ஒரு நைட்டிக்குக் கைக்கு வந்தது 240. அடக்கம் 165, கவர் லேபிள் 8 போனால் 67 நிற்கிறது. சந்தையை விட 12 ரூபாய் அதிகம், வெயிலும் இல்லை. இந்த 67-ஐ நம்பித்தான் பலரும் இறங்குகிறார்கள். ரிட்டனைப் போட்டுப் பாருங்கள். பத்து பார்சலில் இரண்டை, வாங்கியவர்கள் பிரித்துப் பார்த்துத் திருப்பினால், எட்டுக்கு 536 வரும். திரும்பிய ஒவ்வொன்றுக்கும் திருப்பி அனுப்பும் கட்டணம் 140, வீணான கவர் 8. 296 கழிந்து மிச்சம் 240, அதாவது பார்சலுக்கு 24. மூன்று திரும்பினால் பத்துக்கும் சேர்த்து 25 ரூபாய்தான். திரும்பி வரும் துணியில் மஞ்சள் கறை இருந்தால் அதுவும் இல்லை.

ஆக, ஆன்லைனில் பார்க்க வேண்டியது ரிட்டன் விகிதம். அதிலும் இரண்டு வகை உண்டு: ஆள் வாங்காமலே திரும்புவது ஒன்று, வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்புவது ஒன்று. எங்கள் தளத்தில் கட்டணம் இரண்டாவதுக்குத்தான், அதற்குப் பெரும்பாலும் காரணம் அளவு. "ஃப்ரீ சைஸ்" என்று போட்டால் திரும்பத்தான் செய்யும். சந்தையில் அக்காமார்கள் நைட்டியை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனித்தபோதுதான் புரிந்தது. யாரும் எக்ஸெல்லா டபுள் எக்ஸெல்லா என்று கேட்பதில்லை. தோளில் வைத்து நீளம் பார்ப்பார்கள், பிறகு அக்குளுக்கு அக்குள் இழுத்துப் பார்ப்பார்கள். அதையே ஆன்லைனில் எழுதினோம்: தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் 22 அங்குலம், சுற்றளவு 44, உயரம் 54, முதல் துவைப்பில் ஓர் அங்குலம் சுருங்கும். டேப் வைத்து எடுத்த படம் ஒன்று. பத்துக்கு மூன்று திரும்பியது ஒன்றரையாகக் குறைந்தது.

ஜிஎஸ்டி பற்றி ஒரு எச்சரிக்கை. 2023 அக்டோபர் முதல், விற்பனை வரம்புக்குள் இருப்பவர்கள் தங்கள் மாநிலத்துக்குள் மட்டும் தளம் வழியாகப் பொருள் விற்க முழுப் பதிவு வேண்டாம். பான் வைத்து ஜிஎஸ்டி போர்ட்டலில் சேர்க்கை எண் வாங்கினால் போதும். தளம் அதை ஏற்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூருக்கு ஒரு நைட்டி அனுப்பினாலும் பதிவு கட்டாயம். நாங்கள் ஆசைப்பட்டுப் பதிவுக்குப் போனோம். வீட்டு மின் இணைப்பு காலமான தாத்தா பெயரிலேயே இருந்தது. விளக்கம் கேட்டு REG-03 என்ற நோட்டீஸ் வந்தது. பதிலை REG-04 படிவத்தில் ஏழு வேலை நாளுக்குள் போட வேண்டும். மின் இணைப்பைப் பெயர் மாற்ற அதற்குள் எங்கே முடியும்? விண்ணப்பம் நிராகரிப்பு. பெயர் மாற்றி மறுபடி போட்டதில் தீபாவளி சீசன் போயே போனது. பதிவு கிடைத்த பின் விற்பனையே இல்லாத காலத்துக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும், மறந்தால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம்.

இப்போது சந்தையில் நிரந்தர இடம் கேட்பதில்லை. சம்பள வாரம் மட்டும் அன்றாடச் சுங்கம் கட்டிக் கடை போடுகிறோம். ஆன்லைனில் திரும்பி வந்த நல்ல துணியும் அங்கேதான் போகிறது, கறைபட்டது 100 ரூபாய்க் குவியலில். அந்தக் குவியலைக் கடையின் முன்பக்கம் மட்டும் வைத்துவிடாதீர்கள். 220 ரூபாய் நைட்டியையும் அதே விலைக்குக் கேட்பார்கள்.