நான்கு நாள் என்று காட்டிய பட்டியல்

மலேசியாவின் பேராக்கில் ஒரு தோட்டப் பட்டணத்துச் செம்பனை ஆலையில், பணியாளர் பதிவேடுகளைக் கவனிக்கும் கிராணியாக வேலை பார்க்கிறேன். மாதம் பிறந்த முதல் வேலைநாளில், பிரிவுத் தலைவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆட்களின் விடுப்பு இருப்புப் பட்டியலை அனுப்புவேன். அவர்கள் அதை நம்பித்தான் விடுப்புப் படிவத்தில் கையெழுத்திடுகிறார்கள். அதில் ஓர் எண் தவறினால் ஒருவருடைய வீட்டு விசேஷமே தடைபடும்.

அப்படி ஒருமுறை நடந்தது. பட்டறையில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன், மகள் கல்யாணத்துக்கு ஐந்து நாள் கேட்டார். பட்டியலில் நான்குதான் இருக்கிறது என்று தலைவர் மறுத்துவிட்டார். அண்ணன் என் மேசைக்கு வந்து, "எனக்கு ஏழு நாள் இருக்க வேண்டும், நல்லாப் பாருங்கள் தங்கச்சி" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் முகம் வாடியிருந்தது.

அவருக்குச் சேவைக்காலம் ஐந்தாண்டைத் தாண்டிவிட்டதால் ஆண்டுக்கு 16 நாள். முன்பு ஏழு நாள் எடுத்திருந்தார். பிறகு திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள். மொத்தம் பன்னிரண்டு, மீதி நான்கு. கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை.

எம்.சி. கோப்பை எடுத்துப் புரட்டினேன். அதே வாரத்தின் புதன், வியாழன், வெள்ளிக்கு மருத்துவர் எழுதிய சீட்டு அங்கே கிடந்தது. விடுப்பில் இருக்கும்போதே அவருக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. அன்றைக்கே தலைவருக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார், திரும்பி வந்ததும் சீட்டையும் கொடுத்திருக்கிறார். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60E பிரிவுப்படி, ஆண்டு விடுப்பின் நடுவே நோய் விடுப்புக்கு உரிமை வந்தால், அந்த நாட்கள் ஆண்டு விடுப்பில் எடுத்ததாகக் கொள்ளப்படா. மூன்று நாள் அவருக்குத் திரும்ப வேண்டும். நோய் விடுப்பின் 22 நாளில்தான் அவற்றைக் கழிக்க வேண்டும்.

ஏன் விட்டுப்போனது? ஆண்டு விடுப்பு முன்பே பதிவாகியிருந்தது. எங்கள் கணினி ஒரே தேதிக்கு இரண்டாவது விடுப்பை ஏற்காது. பழையதை ரத்து செய்துவிட்டுத்தான் புதியதைப் பதிய முடியும். சீட்டை வாங்கியவர் அதைச் செய்யாமல் கோப்பில் சேர்த்துவிட்டார். செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலும் பிழை தெரியாது, ஏனென்றால் இரண்டு விதத்திலும் அவர் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராதவர்தான், சம்பளமும் மாறாது. இருப்பில் மட்டுமே பிழை ஒளிந்திருக்கும்.

அதனால் இப்போது பட்டியல் அனுப்புமுன், அந்த மாதத்து எம்.சி. சீட்டுகளை எல்லாம் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றின் தேதியையும் ஆண்டு விடுப்புப் பதிவோடு ஒப்பிடுகிறேன். பட்டியல் மூடிய பிறகு வந்து சேரும் சீட்டு அடுத்த மாதம்தான் ஏறும் என்பதால், எந்தத் தேதி வரையிலான கணக்கு என்பதை மேலே பெரிதாக எழுதிவிடுகிறேன்.

அன்று திருத்திய தாளை நானே பட்டறைக்குக் கொண்டுபோனேன். தலைவர் கை எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டு அதைப் படித்தார். எதுவும் சொல்லாமல் மறுத்த படிவத்தைத் தேடியெடுத்து, ஐந்து நாளுக்கும் கையெழுத்துப் போட்டார்.