1/0 என்று எழுதுவதற்கு முன்

கல் குவாரித் தொழிலாளியின் மார்பு எக்ஸ்ரேயில் பெரிய கட்டியைப் பார்க்க நிபுணர் தேவையில்லை. சிக்கல் இருப்பது, கல்தூசியிலுள்ள சிலிக்கா தரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸின் சின்னப் புள்ளிகளில்தான். அவை இருக்கின்றனவா, இருந்தால் எவ்வளவு என்பதற்கு ஐ.எல்.ஓ. எனும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வகைப்பாடு ஒரு வழி தருகிறது. உருண்டைப் புள்ளி 1.5 மி.மீ. வரை இருந்தால் p, அதிலிருந்து 3 மி.மீ. வரை q, 3 முதல் 10 மி.மீ. வரை r. ஆனால் இந்த அளவுகள் துணைக்குத்தான். தீர்ப்புச் சொல்வது ஐ.எல்.ஓ. தரும் மாதிரிப் படங்கள். அவற்றைப் பக்கத்தில் வைக்காமல் நினைவை நம்பிப் படிப்பதுதான் இந்த வேலையில் மிக அதிகமாக நடக்கும் தவறு. காலையில் கடும் நோயாளிகளின் படங்களையே பார்த்த கண்ணுக்கு, மாலையில் வரும் லேசான படம் சுத்தமாகத் தெரியும்.

புள்ளியைத் தேடும் முன் படத்தின் தரத்தைப் பார்க்க வேண்டும். கதிர் குறைவாகப் பட்டு வெளிறிய படத்தில் சாதாரண ரத்தக் குழாய்கள்கூடப் பருத்துத் தெரியும். இல்லாத நோய் இருப்பதாகத் தோன்றும். கருத்துப்போன படத்தில் p புள்ளிகள் கரைந்துவிடும். மூச்சை முழுதாக இழுக்காமல் எடுத்த படத்தில் கீழ்ப்பகுதி நெருங்கி, புள்ளி நிறைந்ததுபோல் காட்டும். டிஜிட்டல் படமென்றால் மாதிரிகளும் டிஜிட்டலாகவே, அதே அளவில் திரையில் இருக்க வேண்டும். விளிம்பைக் கூர்மையாக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். அது குழாய்களை மணிமணியாக்கிவிடும். கைபேசியில் படம்பிடித்து அனுப்பியதைப் படித்துச் சொல்ல யார் கேட்டாலும் மறுப்பதே சரி.

நம்மை நோக்கி நேராக வரும் ரத்தக் குழாயும் வட்டப் புள்ளியாகத்தான் தெரியும். அது பெரும்பாலும் நுரையீரலின் நடுப்பகுதியில், மூச்சுக்குழாயை ஒட்டி இருக்கும். ஓரத்தை நோக்கிப் போகப் போக குழாய்கள் மெலிந்து கிளை பிரியும். சிலிக்காப் புள்ளி அந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாது. அதனால் மேல் மண்டலங்களில், விலா எலும்புகளுக்கு இடையே, வெளிப்புறப் பகுதியில் முதலில் தேடுகிறோம்.

பிறகு செறிவு, அதாவது குறிப்பிட்ட பரப்பில் எத்தனை புள்ளிகள் என்பது. அதைப் பூஜ்யம் முதல் மூன்று வரை தரம் பிரிக்கிறோம். 1/0 என்பது பின்னம் அல்ல. முதல் எண் நம் முடிவு. இரண்டாவது, அந்த முடிவுக்கு முன் நாம் உண்மையாகவே யோசித்த மாற்று. 1/0 என்றால் 'ஒன்று என முடிவு செய்தேன், ஆனால் பூஜ்யமாக இருக்குமோ என்று தயங்கினேன்'. 0/1 அதற்கு நேரெதிர். தயக்கமே இல்லாதபோது 1/1. இந்தத் தயக்கத்தை மறைக்காமல் எழுதுவது முக்கியம். 0/1-க்கும் 1/0-க்கும் இடையிலான அந்த ஒரு படிதான் நோய்க்குறி உண்டா இல்லையா என்பதையே மாற்றுகிறது.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். ராஜஸ்தான் மணற்கல் குவாரியில் 14 ஆண்டுகள் ஜாக்ஹாமர் பிடித்தவரின் படம் என்று வைத்துக்கொள்வோம். தரம் சுமார், ஆனால் படிக்கத் தகுந்தது. நுரையீரல் உச்சியிலிருந்து உதரவிதானம் வரையுள்ள உயரத்தை மூன்றாகப் பிரித்தால் பக்கத்துக்கு மூன்று, மொத்தம் ஆறு மண்டலங்கள். வலது மேல் மண்டலம் q-இன் 1/1 மாதிரியைவிட அதிகம், 2/2-வைவிடக் குறைவு. முன்னதற்கே நெருக்கம் என்பதால் 1/2. இடது மேல் 1/1. வலது நடு 1/0. இடது நடு 0/1. கீழ் இரண்டும் 0/0.

ஒட்டுமொத்தச் செறிவைச் சொல்லும்போது, அதிகம் பாதித்த மண்டலத்தைவிட மூன்று படிகளோ அதற்கு மேலோ குறைவாக உள்ள மண்டலங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 1/2-இலிருந்து 1/1, 1/0, 0/1 என இறங்கினால் மூன்று படி. ஆகவே இடது நடுவும் கீழ் மண்டலங்களும் விலகுகின்றன. மீதி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 1/1. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்திருந்தால், இந்த மனிதரின் நோய் தாளில் சுருங்கிப் போயிருக்கும். புள்ளி தென்பட்ட மண்டலங்களைத் தனியே குறிக்கிறோம். 2 மி.மீ. புள்ளிகள் அதிகமும் நுண்ணியவை கொஞ்சமும் இருப்பதால் வடிவம் q/p.

தொழில் வரலாறு கையில் இருந்தால் கண் அதற்கேற்ப வளையும். எனவே செறிவை எழுதி முடித்த பிறகே அதைத் திறப்பது நல்லது. இந்தக் குறியீடு படத்தில் தெரிவதை மட்டுமே சொல்கிறது, காரணத்தை அல்ல. வெல்டிங் புகையின் இரும்புத் துகளும் இதே புள்ளிகளைத் தரும். நம் ஊர்களில் அதைவிடப் பெரிய குழப்பம் மிலியரி காசநோய். அதில் 1 முதல் 3 மி.மீ. வரையுள்ள புள்ளிகள் ஆறு மண்டலங்களிலும் ஏறக்குறைய சமமாக இறைந்திருக்கும். ஆளுக்குக் காய்ச்சலும் எடை இழப்பும் வாரக்கணக்கில் இருக்கும். சிலிகோசிஸ் மேலே கூடி, ஆண்டுக்கணக்கில் மெதுவாக மாறும். ஐந்தாண்டுக்கு முந்தைய படம் கிடைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஆனால் சிலிக்காவே காசநோயை வரவழைக்கும் என்பதால் இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கலாம். ஒரு பக்க உச்சியில் மட்டும் திட்டோ குழியோ தெரிந்தால் tb என்ற குறியைச் சேர்த்து, அன்றே சளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.